117 சதவீதம் பார்த்தது யார்? ஷார்ட்ஸ் கணக்கும் நீள வீடியோ கணக்கும்

ஒரு ஷார்ட்ஸ் வீடியோவுக்கு யூடியூப் ஸ்டுடியோவில் "சராசரியாகப் பார்த்த சதவீதம்" 117 என்று காட்டும். அதே சேனலில் இருக்கிற பன்னிரண்டு நிமிஷ வீடியோவுக்கு 41 என்று காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாருக்கும் முதலில் என்ன தோன்றும்? "குட்டி வீடியோ பிச்சிக்கிட்டுப் போகுது, பெருசை யாரும் பார்க்கிறதில்ல". பாடம் எடுக்கிற, சமையல் சொல்லித்தருகிற, பைக் ரிப்பேர் காட்டுகிற பல பேர் இந்த ஒரு ஒப்பீட்டை வைத்துத்தான் நீள வீடியோ போடுவதையே நிறுத்துகிறார்கள்.

அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு எண்களை வைத்து அதை எடுக்கவே முடியாது. 117-ம் 41-ம் ஒரே பெயரில் வருகிற இரண்டு வேறு அளவைகள். ஏன் என்று இந்தக் குறிப்பில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடினமான கணிதம் எதுவும் கிடையாது, கூட்டல் வகுத்தல்தான்.

முடிவு எப்போது எடுக்கப்படுகிறது

நீள வீடியோவில் பார்ப்பவர் முதலில் தலைப்பையும் தம்ப்நெயிலையும் பார்க்கிறார். பிறகு தட்டுகிறார். அதற்கப்புறம்தான் வீடியோ ஓட ஆரம்பிக்கிறது. அதாவது "இதைப் பார்க்கலாமா" என்ற முடிவு ஓடுவதற்கு முன்னாடியே எடுக்கப்பட்டுவிட்டது. வேண்டாம் என்று நினைத்தவர் கணக்குக்குள்ளேயே வரமாட்டார்.

ஷார்ட்ஸில் இது தலைகீழ். வீடியோ தானாக ஓட ஆரம்பித்துவிடும். பார்த்துக்கொண்டே, ஒன்றிரண்டு நொடியில், வேண்டாம் என்றால் விரலால் மேலே தள்ளிவிடுகிறார். முடிவு ஓட ஆரம்பித்த பிறகு வருகிறது. அதைத்தான் ஸ்டுடியோ `Viewed vs. swiped away` என்று பிரித்துக் காட்டுகிறது. காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் பேர் தங்கினார்கள், எத்தனை சதவீதம் பேர் தள்ளிவிட்டார்கள்.

ஆக, தள்ளிவிடும் விகிதத்தை நீள வீடியோவின் எதோடு ஒப்பிட வேண்டும்? பார்த்த நேரத்தோடு இல்லை. தம்ப்நெயிலைத் தட்டாமல் போனவர்களோடுதான். ஒரு நீள வீடியோவின் கிளிக் விகிதம் 5 சதவீதம் என்றால், காட்டப்பட்டதில் 95 சதவீதம் "தள்ளிவிடப்பட்டது" என்று அர்த்தம். யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை, ஏனென்றால் அந்த 95 சதவீதத்துக்கு வீடியோ ஓடவே இல்லை. அவர்கள் ஒரு சின்னப் படத்தைத் தாண்டிப் போனார்கள், அவ்வளவுதான்.

யூடியூப் ஆரம்ப காலத்தில் கிளிக்கைத்தான் எண்ணியது. கிளிக்கை எண்ணினால் என்ன வரும்? வீடியோவில் இல்லாத விஷயத்தை தம்ப்நெயிலில் போட்டுத் தட்ட வைக்கும் வித்தை வரும். 2012-ல் பரிந்துரையையும் தேடலையும் பார்த்த நேரத்தின் அடிப்படைக்கு மாற்றினார்கள். ஏமாற்றித் தட்ட வைத்தால் பத்து நொடியில் வெளியே போய்விடுவார், நேரக்கணக்கில் அது தெரிந்துவிடும். பார்த்த நேரம் என்ற அளவை பிறந்த காரணமே அதுதான்: *கிளிக் பொய் சொன்னதா என்று சரிபார்க்க*.

ஷார்ட்ஸில் அந்த முதல் பொய்க்கே இடமில்லை. தம்ப்நெயிலும் இல்லை, தட்டுவதும் இல்லை. ஆனால் பொய் சொல்ல வேறு இடம் கிடைத்துவிட்டது: லூப்.

ஒரு 12 நொடி வீடியோ

ஒரு கற்பனை உதாரணம். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வீடியோ "அ", நீளம் 12 நொடி, ஃபீடில் 1000 பேருக்குக் காட்டப்பட்டது.

- 400 பேர் ஒரு நொடியில் தள்ளிவிட்டார்கள்.
- 300 பேர் சராசரியாக 9 நொடி பார்த்து, முடியும் முன் போனார்கள்.
- 240 பேர் சரியாக ஒரு தடவை, 12 நொடி, முழுசாகப் பார்த்தார்கள்.
- 60 பேருக்கு வீடியோ நான்கு தடவை ஓடியது, அதாவது ஆளுக்கு 48 நொடி.

தங்கியவர்கள் 600 பேர். அவர்கள் பார்த்த மொத்த நேரம்:

```
300 × 9  = 2700
240 × 12 = 2880
 60 × 48 = 2880
மொத்தம்  = 8460 நொடி
8460 / 600 = 14.1 நொடி
14.1 / 12  = 117.5%
```

இதோ வந்துவிட்டது 117. தங்கியவர்களில் சராசரி ஆள் வீடியோவை ஒன்றேகால் தடவைக்குக் கொஞ்சம் குறைவாகப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு ஆளே இந்தப் பட்டியலில் இல்லை. காட்டப்பட்ட 1000 பேரில் 700 பேர் வீடியோவின் முடிவைப் பார்க்கவே இல்லை. தங்கிய 600 பேரை மட்டும் எடுத்தாலும் பாதிப் பேர் முடிவு வரை வரவில்லை. வெறும் 60 பேர், தங்கியவர்களில் பத்தில் ஒருவர், மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த 60 பேரை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் சதவீதம் 86-க்கு இறங்கிவிடும்.

ரிட்டென்ஷன் வரைபடமும் இதே தந்திரத்தைச் செய்யும். வரைபடத்தில் ஒவ்வொரு நொடியும் எத்தனை தடவை ஓடியது என்றுதான் எண்ணுகிறார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இல்லை. கடைசி நொடி 240 பேருக்கு ஒரு தடவை, 60 பேருக்கு நாலு தடவை: மொத்தம் 480. அதை 600-ஆல் வகுத்தால் 80 சதவீதம். "முடிவு வரைக்கும் 80 சதவீதம் பேர் நின்னாங்க" என்று படிப்போம். நின்றது 50 சதவீதம். முதல் நொடியில் அதே வரைபடம் 130 சதவீதத்தில் ஆரம்பிக்கும் (600 பேரோடு 60 பேரின் மூன்று கூடுதல் சுற்று, 780 தடவை). வரைபடம் 100-க்கு மேலே ஆரம்பித்தால், கடைசிப் புள்ளியை நம்பாதீர்கள் என்று அர்த்தம்.

நீள வீடியோவில் இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. பன்னிரண்டு நிமிஷ வீடியோவை உடனே மறுபடி பார்ப்பவர்கள் குறைவு, அது தானாக லூப் ஆவதும் இல்லை. அங்கே சதவீதத்துக்கு 100 என்ற கூரை ஏறக்குறைய உண்மை. ஷார்ட்ஸில் கூரையே கிடையாது. கூரை இல்லாத எண்ணின் சராசரியை, கூரை உள்ள எண்ணின் சராசரியோடு ஒப்பிடுவதுதான் 117-க்கும் 41-க்கும் நடுவில் நடக்கிற தப்பு.

லூப் எத்தனை வகை

லூப் என்பதை எண்ணிக்கையாகக் காட்டியதில் முன்னோடி வைன். ஆறு நொடி வீடியோக்கள், 2013-ல் வந்தது, அடுத்த வருஷமே "வியூ" என்பதற்குப் பதிலாக லூப் எண்ணிக்கையைக் காட்ட ஆரம்பித்தது. அப்போதிருந்தே லூப் என்றால் "பிடித்திருக்கிறது" என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு வீடியோ மறுபடி ஓட குறைந்தது நாலு காரணம் இருக்கிறது.

ஒன்று, உண்மையிலேயே பிடித்து மறுபடி பார்ப்பது. இரண்டு, புரியாமல் மறுபடி பார்ப்பது. திரையில் எட்டு வரி எழுத்தை மூன்று நொடி காட்டினால் யாராக இருந்தாலும் இரண்டாவது சுற்று வேண்டும். மூன்று, முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொண்டிருப்பதால் முடிந்ததே தெரியாமல் போவது. கடைசி வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, முதல் வாக்கியம் அதை முடிக்கிற மாதிரி எடுக்கும் வழக்கம் இதற்காகத்தான். நாலு, போனை மேஜையில் வைத்துவிட்டு டீ போடப் போவது.

கவனியுங்கள், நாலில் ஒன்றுக்குக்கூட பார்ப்பவர் எந்தப் பட்டனையும் தொட வேண்டியதில்லை. தள்ளிவிடுவதற்குத்தான் விரலை அசைக்க வேண்டும். அதனால் தள்ளிவிடுவது ஒரு செயல், லூப் என்பது செயல் இல்லாமை. "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னதை நாம் பதிவு செய்கிறோம். "வேண்டும்" என்று அவர் சொன்னதாக நாமே ஊகிக்கிறோம். ஷார்ட்ஸ் எண்களில் தள்ளிவிடும் விகிதம் ஓரளவு நம்பகமானது, லூப் விகிதம் அவ்வளவு இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த நாலையும் பிரிக்க முடியுமா? சராசரியிலிருந்து முடியாது. ஒவ்வொரு பார்வைக்கும் தனித்தனியாக "பார்த்த நேரம் ÷ நீளம்" கிடைத்தால் ஓரளவு முடியும். மூன்றாவது வகை ஆள், வீடியோ மறுபடி ஆரம்பித்ததை உணர்ந்த அந்த நொடியில் கிளம்பிவிடுவார். அவருடைய விகிதம் 1.05, 1.15 என்று ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பிடித்தோ புரியாமலோ பார்த்தவர் இரண்டாவது சுற்றை முடிப்பார் அல்லது அவருக்கு வேண்டிய இடம் வரை போவார், விகிதம் 2-ஐ ஒட்டி வரும். டீ போடப் போனவருடையது 7, 11 என்று எங்கோ இருக்கும். எனவே "1-க்கு மேல் போனால் லூப்" என்று எண்ணாமல், 1.5-லிருந்து 4 வரை உள்ளதை மட்டும் லூப் என்று எண்ணுவது நல்லது. அந்த எல்லைகள் கல்வெட்டு இல்லை, உங்கள் வீடியோவின் நீளத்தைப் பொறுத்துக் கொஞ்சம் நகர்த்தலாம்.

மூன்று வீடியோ, ஒரே தட்டில்

சரி, ஒப்பிடவே முடியாதா என்றால், ஒரு வழி இருக்கிறது. வகுக்கும் எண்ணை ஒன்றாக்க வேண்டும். தங்கியவர்களால் வகுக்காமல், தட்டியவர்களால் வகுக்காமல், *காட்டப்பட்ட தடவைகளால்* வகுப்பது. இன்னும் இரண்டு வீடியோவைச் சேர்த்துக்கொள்வோம்.

வீடியோ "ஆ": 50 நொடி ஷார்ட்ஸ். 1000 பேருக்குக் காட்டப்பட்டு 450 பேர் ஒரு நொடியில் தள்ளிவிட்டார்கள். தங்கிய 550 பேர் சராசரியாக 34 நொடி பார்த்தார்கள், அதாவது 68 சதவீதம்.

வீடியோ "இ": 12 நிமிஷ நீள வீடியோ. தம்ப்நெயில் 1000 பேருக்குத் தெரிந்தது. 50 பேர் தட்டினார்கள். சராசரியாக 5 நிமிஷம் பார்த்தார்கள், ஏறக்குறைய 41.7 சதவீதம்.

```
அ: (8460 + 400) / 1000      =  8.86 நொடி
ஆ: (550 × 34 + 450) / 1000  = 19.15 நொடி
இ: (50 × 300) / 1000        = 15.00 நொடி
```

சதவீதத்தில் வரிசை அ, ஆ, இ. தள்ளிவிடும் விகிதத்தில் "அ" 40, "ஆ" 45, அதிலும் "அ"-தான் முன்னால். காட்டப்பட்ட தடவைக்கு எத்தனை நொடி என்று கேட்டால் "அ" கடைசிக்குப் போய்விடுகிறது, சதவீதத்தில் கடைசியாக இருந்த "இ" அதை முந்திவிடுகிறது.

இதோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் இந்த எண்ணுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. ஒருவர் பஸ்ஸில் பத்து நிமிஷம் ஷார்ட்ஸ் பார்க்கிறார் என்று வையுங்கள். ஃபீட் முழுக்க "அ" மாதிரி வீடியோ இருந்தால் அறுபத்தெட்டு வீடியோ வரும், "ஆ" மாதிரி இருந்தால் முப்பத்தொன்று வரும். இரண்டிலும் மொத்தம் அதே பத்து நிமிஷம்தான், ஏனென்றால் இறங்குமிடம் வந்தால் அவர் இறங்கத்தானே போகிறார். ஃபீடில் அடுத்த வீடியோ எப்போதும் தயாராக இருக்கிறது. அங்கே ஒரு வீடியோ பிடித்துவைத்த நொடிகள், பெரும்பாலும் பக்கத்து வீடியோவிடமிருந்து எடுத்த நொடிகள். நீள வீடியோவில் நிலைமை வேறு. பன்னிரண்டு நிமிஷ வீடியோவைத் தட்டும் ஆள் அந்த நேரத்தை அந்த விஷயத்துக்கென்று ஒதுக்குகிறார். "இ"-யின் 15 நொடி என்பது 50 பேர் கொடுத்த ஐந்தைந்து நிமிஷம். "ஆ"-வின் 19 நொடி என்பது 550 பேர் போகிற போக்கில் கொடுத்த அரை நிமிஷம். எண் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் சமாச்சாரம் வேறு.

நீள வீடியோவுக்கு எழுதிய சூத்திரம் ஃபீடில் எங்கே உடைகிறது

இந்தப் பகுதிதான் என்னை இந்தக் குறிப்பை எழுத வைத்தது. 2016-ல் கூகுளைச் சேர்ந்த பால் கோவிங்டன், ஜே ஆடம்ஸ், எம்ரே சார்கின் மூவரும் யூடியூப் பரிந்துரை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரிந்துரை இயந்திரம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் அதைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அதில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது.

அவர்களுக்கு வேண்டியது: இந்த வீடியோவை இவருக்குக் காட்டினால் எத்தனை நொடி பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பு. கையில் இருந்தது: தட்டுவாரா மாட்டாரா என்று கணிக்கும் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். அதை மாற்றாமல், தட்டப்பட்ட ஒவ்வொரு தடவைக்கும் பார்த்த நேரத்தையே எடையாகப் போட்டார்கள். தட்டப்படாததற்கு எடை 1. இப்படிப் பயிற்சி கொடுத்தால் மாடல் கற்றுக்கொள்ளும் "ஆட்ஸ்" இப்படி வரும். N என்பது காட்டப்பட்ட தடவை, k தட்டப்பட்டது, P என்பது k/N, ΣT மொத்தம் பார்த்த நேரம், E[T] என்பது ΣT/N:

```
odds = ΣT / (N − k) = E[T] / (1 − P)
P சிறியதாக இருந்தால்:  ≈ E[T] × (1 + P) ≈ E[T]
```

நமக்கு வேண்டியது E[T]. கிடைப்பது அதை (1 − P)-ஆல் வகுத்தது. P மிகச் சிறியது என்பதால் வித்தியாசம் இல்லை என்று கட்டுரையும் சொல்கிறது. "இ"-யில் போட்டுப் பாருங்கள்: 15000 / 950 = 15.8. உண்மை 15. பரவாயில்லை, நல்ல தோராயம்.

இப்போது இதையே ஒரு குட்டி வீடியோ ஃபீடுக்கு எடுத்துப்போய், "தட்டினார்" என்ற இடத்தில் "தங்கினார்" என்று போட்டால்? அங்கே P ஐந்து சதவீதம் இல்லை, ஐம்பது அறுபது சதவீதம். "ஆ"-வில்: 18700 / 450 = 41.6. தங்கியவர்கள் கொடுத்த உண்மையான சராசரி 18.7. இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது.

எல்லா வீடியோவுக்கும் ஒரே மாதிரி கூடினால் வரிசை மாறாது, கவலை இல்லை. ஆனால் ஒரே மாதிரி கூடாது. இரண்டு வீடியோ எடுங்கள். முதலாவதில் 1000-ல் 800 பேர் தங்கி, சராசரியாக 7 நொடி பார்க்கிறார்கள். இரண்டாவதில் 500 பேர்தான் தங்குகிறார்கள், ஆனால் 20 நொடி பார்க்கிறார்கள்.

```
முதல்:     E[T] = 5600 / 1000  =  5.6    odds = 5600 / 200  = 28
இரண்டாவது: E[T] = 10000 / 1000 = 10.0    odds = 10000 / 500 = 20
```

உண்மையில் இரண்டாவது வீடியோதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு பார்க்கப்படுகிறது. சூத்திரம் முதலாவதை மேலே தூக்கிவிடுகிறது. தள்ளிவிடுபவர்கள் குறையக் குறைய கீழே உள்ள எண் சுருங்கி, மொத்தமும் ஊதிப்போகிறது. யாருமே தள்ளிவிடாத வீடியோ என்றால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டும்!

நீங்களே ஒரு ஆப்புக்கு ஃபீட் எழுதுகிறீர்கள் என்றால் இந்தப் பள்ளத்தில் விழுவது ரொம்பச் சுலபம், ஏனென்றால் எந்த எரரும் வராது. மாடல் ஒழுங்காகப் பயிற்சி பெறும், ஃபீடும் ஓடும், முதல் நொடியில் அதிர்ச்சி கொடுத்துப் பத்து நொடியில் தீர்ந்துபோகிற வீடியோக்கள் மட்டும் மெதுவாக மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்டுபிடிக்க வழி: கணித்த மதிப்பையும் உண்மையில் பார்த்த நேரத்தையும், தங்கும் விகிதத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்த கட்டங்களில் ஒப்பிட வேண்டும். விகிதம் கூடக் கூட இடைவெளி கூடினால் இதுதான் நோய். மருந்தும் சின்னதுதான். தங்கிய தடவைகளையும் எடை 1-ஓடு எதிர்மறைப் பட்டியலில் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். அப்போது கீழே (N − k) இருந்த இடத்தில் முழு N வந்து உட்காரும், ஆட்ஸ் அப்படியே E[T] ஆகிவிடும்.

நீளம் என்ற எடைக்கல்

இன்னொரு சிக்கல் மீதி இருக்கிறது. நொடியில் எண்ணினால் நீளமான வீடியோ ஜெயிக்கும், சதவீதத்தில் எண்ணினால் குட்டி வீடியோ ஜெயிக்கும். இரண்டுமே வீடியோவின் தரத்தோடு நீளத்தையும் சேர்த்து அளக்கின்றன. சீனாவின் குவாய்ஷோ ஆய்வாளர்கள் 2022-ல் இதற்கு ஒரு நேரடியான வழி சொன்னார்கள். வீடியோக்களை முதலில் நீளப்படி குழுக்களாகப் பிரி. பிறகு ஒவ்வொரு பார்வையும் *தன் குழுவுக்குள்* எந்த இடத்தில் நிற்கிறது என்று பார். பள்ளி விளையாட்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பையனை ஆறாம் வகுப்போடு ஓடவிடுகிற மாதிரி. 10 நொடி வீடியோவில் 12 நொடி பார்த்தது, தன் குழுவில் சாதாரணமாகவே இருக்கலாம். 50 நொடி வீடியோவில் 34 நொடி பார்த்தது தன் குழுவில் முதல் கால்பகுதியில் இருக்கலாம்.

இதை நீங்களே செய்து பார்க்க அதே குவாய்ஷோவிலிருந்து வந்த குவாய்ரெக் என்ற பொதுத் தரவு இருக்கிறது. அதில் `small_matrix.csv` என்ற கோப்பு விசேஷமானது: 1,411 பேர், 3,327 வீடியோ, கிட்டத்தட்ட எல்லாருக்கும் எல்லா வீடியோவின் பதிவும் உண்டு. இது ஏன் முக்கியம்? சாதாரணமாக ஒரு வீடியோவின் தள்ளிவிடும் விகிதம் அது யாருக்குக் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. முதலில் ஆர்வமுள்ள கூட்டத்துக்குக் காட்டி, பிறகு வெளியாட்களுக்குப் பரப்பினால், வீடியோ மாறாமலேயே எண் மோசமாகும். இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்ததால் அந்தக் குழப்பம் குறைவு.

```python
import pandas as pd
d = pd.read_csv("small_matrix.csv")
r = d.watch_ratio
d["skip"] = d.play_duration < 2000      # மில்லிநொடி
d["loop"] = (r >= 1.5) & (r <= 4)
d["grp"] = pd.qcut(d.video_duration, 8, duplicates="drop")
g = d.groupby("grp")
print(g[["skip", "loop"]].mean())
print(g["watch_ratio"].agg(["mean", "median"]))
```

கடைசி வரியில் சராசரியையும் நடுமதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுவது வேண்டுமென்றேதான். இரண்டுக்கும் இடைவெளி அதிகமான குழுவில், டீ போடப் போனவர்கள்தான் கணக்கை எழுதுகிறார்கள் என்று அர்த்தம். ஓட்டிவிட்டு `loop` எல்லையை 1.1 ஆக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். லூப் விகிதம் எந்தக் குழுவில் எவ்வளவு தாவுகிறது என்பதிலிருந்து, முடிந்ததே தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் எங்கே அதிகம் என்று ஒரு அனுமானம் கிடைக்கும்.

யூடியூபின் சொந்த மாற்று விகிதம்

யூடியூபே இந்த இரண்டையும் ஒரு இடத்தில் ஒப்பிட்டு வைத்திருக்கிறது. விளம்பர வருவாயில் பங்கு கிடைக்க 1000 சப்ஸ்கிரைபர்களோடு, ஒரு வருஷத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், *அல்லது* 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வை வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த 4000 மணியில் சேராது.

4000 மணி என்பது 1 கோடியே 44 லட்சம் நொடி. 1 கோடி பார்வைக்குச் சமம் என்றால், ஒரு ஷார்ட்ஸ் பார்வை 1.44 நொடி நீள வீடியோவுக்குச் சமம். 90 நாள், 365 நாள் வித்தியாசத்தையும் சேர்த்தால், அதே வேகத்தில் வருஷத்துக்கு நாலு கோடிக்கு மேலே பார்வை வேண்டும், அப்போது மதிப்பு அரை நொடிக்கும் கீழே போகிறது. நம்ம "ஆ" வீடியோவில் தங்கியவர் சராசரியாக 34 நொடி கொடுத்தார். மாற்றுக் கடையில் அதற்குக் கிடைத்தது ஒன்றரை நொடிகூட இல்லை.

இது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஷார்ட்ஸில் விளம்பரம் வீடியோக்களுக்கு நடுவில் வருகிறது, குறிப்பிட்ட ஒரு வீடியோவோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதனால் பணத்தை ஒரு குடத்தில் போட்டுப் பிரிக்கிறார்கள். மேலும் 2025 மார்ச் 31-லிருந்து, ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே, மறுபடி ஓடினாலும், ஒரு பார்வை என்று வெளியே காட்டுகிறார்கள். குறைந்தபட்ச நேரம் எதுவும் இல்லை. ஆனால் தகுதிக்கும் பணத்துக்கும் பழைய முறையிலான "என்கேஜ்டு வியூஸ்" எண்ணைத்தான் எடுக்கிறார்கள். வெளியே பெரிய எண், உள்ளே சின்ன எண். எந்த எண்ணுக்குக் காசு கொடுக்கிறார்களோ அதுதான் அவர்கள் நம்புகிற எண். உங்கள் வீடியோ அந்தத் தேதிக்கு அப்புறம் திடீரென்று ஏறிய மாதிரி தெரிந்தால், முதலில் இந்த இரண்டு எண்ணையும் பிரித்துப் பாருங்கள்.

சரி, நீள வீடியோவை நிறுத்தலாமா என்று யோசிக்கிற ஒருவர் என்னதான் பார்ப்பது? ஷார்ட்ஸை ஷார்ட்ஸோடு ஒப்பிடும்போது முதலில் தள்ளிவிடும் விகிதம், பிறகு அதே நீளமுள்ள மற்ற ஷார்ட்ஸோடு பார்த்த நேரம், லூப்பைக் கடைசியாக. நீள வீடியோவை நீள வீடியோவோடு ஒப்பிடும்போது கிளிக் விகிதத்தையும் பார்த்த நேரத்தையும் பெருக்கிப் பாருங்கள், தனித்தனியாக வேண்டாம். இரண்டு வகையையும் ஒரே கேள்வியில் நிறுத்த வேண்டுமென்றால், இரண்டுக்கும் ஒரே அர்த்தம் உள்ள ஒன்றை எண்ணுங்கள்: அந்த வீடியோ வழியாக வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதமும் வந்தார்கள், எத்தனை பேர் கீழே ஒரு சந்தேகம் கேட்டார்கள். பைக் ரிப்பேர் வீடியோவில் "அண்ணே, இந்த நட்டு எத்தனாம் நம்பர் ஸ்பேனர்?" என்று கேட்கிற ஆள், போனை மேஜையில் வைத்துவிட்டு டீ போடப் போனவர் இல்லை.